ஃபேன் மீமுக்கு மட்டும் ஏன் இவ்வளவு சிரிப்பு? (கத்திரி வெயில் இழை)

பாலாற்றங்கரை | மே 4, காலை 11:20

அக்னி நட்சத்திரம் இன்று ஆரம்பம். எழுந்ததிலிருந்து 14 மீம் வந்துவிட்டது, அதில் 9 சீலிங் ஃபேன் பற்றியது. 5-இல் வைத்தால் ஹேர் டிரையர், 1-இல் வைத்தால் அலங்காரப் பொருள். மீதி எல்லாம் ஆளுக்கு ஒரு சூரியன் ஒதுக்கிவிட்டார்கள் வகை. வேலூரில் ரெண்டே சீசன், ஒன்று வெயில் இன்னொன்று பயங்கர வெயில் என்று எங்கள் தாத்தாவே சொல்லிக்கொண்டிருப்பார். அதே ஜோக்தான் படம் மாறி வருகிறது, ஆனாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. பல்வலிக்கு ஏன் இப்படி மீம் வருவதில்லை? அதுவும் கஷ்டம்தானே?

மூன்றாம் மாடி | மே 4, மதியம் 12:05

பல்வலி உனக்கு மட்டும் வரும். பக்கத்து வீட்டுக்காரனுக்கும் அதே நேரத்தில் அதே பல்லில் வலித்தால் மீம் வந்திருக்கும்.

ராத்திரி கரண்ட் போனால் முதலில் என்ன செய்கிறோம்? மெழுகுவத்தி தேடுவதில்லை. பால்கனிக்குப் போய் எதிர்வீட்டைப் பார்க்கிறோம். அங்கேயும் இருட்டு என்றால் ஒரு நிம்மதி வருகிறது பாருங்கள், அதற்கு ஈடு கிடையாது. கரண்ட் வரவில்லை, வியர்வை நிற்கவில்லை, ஆனால் மனசு பாதி ஆறிவிட்டது. நாலு வீட்டு ஆட்களும் பால்கனியில் நின்று "உங்க வீட்லயும் இல்லையா" என்று கேட்டு, யாராவது ஒருத்தர் மின்வாரியத்தைப் பற்றி ஏதாவது சொல்லி, எல்லாரும் சிரிப்பார்கள். எதிர்வீட்டில் லைட் எரிந்தால் ஒரு ஜோக்கும் வராது. ஃபியூஸ் போச்சா, ஒரு ஃபேஸ் போச்சா, யாரைக் கூப்பிடுவது என்று எரிச்சல்தான். வெக்கை இரண்டிலும் ஒன்றுதான்.

மூன்றாம் மாடி | மே 4, மதியம் 12:11

இன்னொன்று. ஃபேன் மீம் ஜோக்கே இல்லை, அப்பட்டமான உண்மை. நான் மேல்தளத்தில் இருக்கிறேன், தலைக்கு மேலே நேரே மொட்டை மாடி. சீலிங்கை ஒட்டி நிற்கிற சூட்டை ஃபேன் அள்ளி என் தலையில் கொட்டுகிறது. போடாமல் இருப்பதே மேல்.

புது வீடு | மே 4, மதியம் 1:40

எல்லாருக்கும் வணக்கம். ஃபேன் பற்றிப் பேசுவதால் கேட்கிறேன். 12க்கு 14 ஹாலுக்கு 48 இன்ச் போதுமா, 56 போட வேண்டுமா? பிஎல்டிசி ஃபேனில் காற்று குறைவு என்கிறார்களே, நிஜமா?

வைண்டிங் கடை | மே 4, மாலை 6:30

மூன்றாம் மாடி தம்பி, பாதிதான் சரி. சீலிங்கை ஒட்டிச் சூடு நிற்பது உண்மை. ஆனால் ஃபேன் போட்டுப் பத்து நிமிஷத்தில் ரூம் காற்று முழுக்கக் கலந்துவிடும், அப்புறம் மேலே கீழே எல்லாம் ஏறக்குறைய ஒரே சூடுதான். உங்கள் பிரச்சினை தளம். 5 இன்ச் காங்கிரீட் பகல் முழுக்க வெயில் குடிக்கும், அது உள்பக்கம் வந்து சேர்வது சாயங்காலத்துக்கு மேல். அதனால்தான் மேல்மாடிக்காரன் மதியம் 2 மணியைவிட ராத்திரி 9 மணிக்கு அதிகமாகத் திட்டுவான். பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டில் செங்கலைச் செங்குத்தாக அடுக்கி மேலே சுண்ணாம்பு ஜல்லி போட்டிருப்பார்கள், அங்கே உங்களுக்கு இவ்வளவு மீம் தோன்றியிருக்காது.

ஃபேன் காற்றைக் குளிர வைக்காது. உங்கள் வியர்வையைக் காய வைக்கும். வியர்வை காய்ந்தால் உடம்பு குளிரும். ஃபேனுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். ஆள் இல்லாத ரூமில் ஃபேன் ஓடினால் ரூம் சூடுதான் ஆகும், சாதா ஃபேன் 75 வாட் எடுக்கிறதே, அது எங்கே போகும்?

புது வீடு சார், 48 போதும். ஆனால் தளத்துக்கும் இறக்கைக்கும் நடுவில் ஒரு அடியாவது விடுங்கள். அழகுக்காக ராடை வெட்டிக் குட்டையாக்கினால் மேலிருந்து இழுக்கக் காற்று இருக்காது.

மூன்றாம் மாடி | மே 5, மாலை 4:50

வைண்டிங் கடை அண்ணன் சொன்னதை நம்பாமல் இன்று லீவு போட்டுச் சோதித்தேன் (லீவு இதற்காக இல்லை, வியர்க்குரு. சட்டை போட முடியவில்லை).

சாதாரண கண்ணாடி தெர்மாமீட்டர் இரண்டு. ஒன்றை அப்படியே விட்டேன். இன்னொன்றின் குமிழில் பழைய பனியன் துணியைச் சுற்றி, துணியின் நுனியைத் தண்ணீர் டம்ளரில் விட்டேன். இரண்டையும் ஃபேனுக்கு நேர் கீழே ஸ்டூலில் வைத்தேன். மதியம் 3 மணி. ஃபேன் ஓடாதபோது காய்ந்தது 38. ஃபேனை 5-இல் வைத்துக் கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் அதே 38. இறங்கவே இல்லை. ஈரத்துணி சுற்றியது 26-க்குப் போய் நின்றுவிட்டது.

ஒரே காற்று, ஒரே ஸ்டூல், 12 டிகிரி வித்தியாசம். நான் எந்தத் தெர்மாமீட்டர் என்பதுதான் கேள்வி. தண்ணீர் குடித்து, வியர்த்து, பனியனோடு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தால் ஈரத்துணிப் பக்கம். காலையிலிருந்து ஒரு டம்ளர் காபியோடு உட்கார்ந்து மீம் தட்டிக்கொண்டிருந்தால் மெல்ல மெல்ல மற்றதின் பக்கம்.

நேற்று 12:11-க்கு எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். அழிக்கவில்லை, இருக்கட்டும்.

பாலாற்றங்கரை | மே 5, மாலை 5:15

அப்படியென்றால் வியர்வையைத் திட்டுகிற மீம் எல்லாம் காப்பாற்றுகிற ஆளைத் திட்டுவதா?

மூன்றாம் மாடி | மே 5, மாலை 5:22

ஆமாம். வீட்டில் அம்மாவைத் திட்டுவது மாதிரி.

உளவியல் இரண்டாமாண்டு | மே 5, இரவு 9:10

இதற்கு ஒரு கோட்பாடு இருக்கிறது. 2010-இல் பீட்டர் மெக்ரா, கேலப் வாரன் இருவரும் எழுதியது. ஒரு விஷயம் ஏதோ தப்பாக இருக்க வேண்டும், அதே சமயம் ஆபத்து இல்லாததாகவும் தோன்ற வேண்டும், இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் சிரிப்பு. கிச்சுகிச்சு மூட்டுவது மாதிரி, தாக்குதல்தான், ஆனால் நிஜத் தாக்குதல் இல்லை. தன்னைத்தானே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாது, முன்பின் தெரியாதவன் செய்தால் பயமாக இருக்கும். வெயில் ஆபத்தில்லாதது, அதனால் சிரிக்கிறோம். கேள்விக்குப் பதில் முடிந்தது.

தார்ப்பாய் | மே 5, இரவு 10:48

வெயில் ஆபத்தில்லாததா? யாருக்கு?

எங்கள் அப்பா கொத்தனார். நான் படித்து இப்போது ஆபீஸில் உட்காருகிறேன், அதனால் இரண்டு பக்கமும் தெரியும். போன வருஷம் அவரோடு வேலை பார்த்த சித்தாள் ஒருவர் மூன்றாவது நாள் மதியம் சாரத்தை விட்டு இறங்கி, ஏதேதோ சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்தவர்கள் முதலில் சிரித்திருக்கிறார்கள், விளையாடுகிறாள் என்று. அப்பாதான் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தண்ணீரை எடுத்து மேலேயே ஊற்றினார். பிழைத்துவிட்டார். வாய் குழறினால், வெயிலில் நின்று புத்தி தடுமாறினால் அது களைப்பு இல்லை, உடனே நிழலில் போட்டு நனைக்க வேண்டும், ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிக்க வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் அங்கே எல்லாருக்கும் தெரிந்தது.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம். ஆபத்தில்லாத விஷயத்துக்கு ஏன் அறிவிக்கிறார்கள்?

ஃபேன் மீம் போடுகிற எல்லாரும் ஃபேனுக்கு அடியில் இருக்கிறவர்கள்.

மூன்றாம் மாடி | மே 6, காலை 7:30

தார்ப்பாய் எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை, வெக்கையும் காரணம்.

அவர் சொன்ன கடைசி வரியைத் திருப்பித் திருப்பி யோசித்தேன். என் போனில் இருக்கிற வெயில் மீமையெல்லாம் ஒரு தடவை பார்த்தேன். ஃபேன், ஏசி பில், ரெகுலேட்டர், பைக் சீட்டு தோசைக்கல், காலை 10 மணிக்கே குழாயில் வெந்நீர் வருவது (கறுப்பு டேங்க், மொட்டை மாடி, வேறென்ன வரும்), சிக்னலில் நிழலுக்காக 50 அடி முன்னாடியே வண்டியை நிறுத்துவது. எல்லாம் தப்பிக்க ஒரு வழி இருக்கிற இடங்கள். சீட்டு சுடும், ஆனால் எழுந்துகொள்ளலாம். சாரம், உப்பளம், செங்கல் சூளை எதிலும் இல்லை. உளவியல் தங்கை சொன்ன "ஆபத்தில்லாதது" சரியான சொல்தான், ஆனால் அது வெயிலைப் பற்றிய சொல் இல்லை. பார்க்கிறவன் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பற்றியது.

நான் முதலில் சொன்ன எதிர்வீட்டு இருட்டும் இப்போது கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. எதிர்வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால்?

பாலாற்றங்கரை | மே 6, காலை 8:02

2012 ஞாபகம் இருக்கிறதா? சென்னைக்கு 2 மணி நேரம் கரண்ட் கட், நமக்கெல்லாம் அதைவிடப் பல மடங்கு. அப்போது சென்னையில் இருந்த சித்தப்பா மகன் "ரெண்டு மணி நேரம் செத்துட்டோம்டா" என்று ஜோக் அனுப்பினான். நான் பதிலே போடவில்லை. கரண்ட் இல்லாததால் என்று நினைத்துக்கொண்டான்.

லீட்ஸ்காரன் | மே 6, மதியம் 3:15

அப்படியே இங்கே இங்கிலாந்தில் நடந்தது. 2022 ஜூலை 19, கானிங்ஸ்பியில் 40.3 டிகிரி, இந்த நாட்டில் அதுவரை வராத வெயில். ஊரிலிருந்து ஒரே மீம் மழை. "40-க்கே அழுகிறார்கள்", "எங்கள் ஊரில் 40 என்றால் ஸ்வெட்டர்" என்று. நானும் முதல் நாள் இரண்டு மூன்று அனுப்பினேன். மறுநாள் மாடி அறையில் படுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இங்கே வீடே சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கக் கட்டியது. சீலிங் ஃபேன் கிடையாது, ஜன்னல் ஒரு சாண் திறக்கும். எதிர்வீட்டுக் கிழவர் தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், முகம் செம்பருத்தி. அவரும் நானும் பேசியதே இல்லை, அன்று பேசினோம்.

அப்புறம் சன்பர்ன். நம்ம தோலுக்கு வராது என்று நினைத்துக் கடற்கரையில் ஒரு நாள் முழுக்க இருந்தேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை, சாயங்காலம் மூக்கு எரிந்தது, மறுநாள் தொட முடியவில்லை, நாலைந்து நாளில் உரிந்தது. வெள்ளைக்காரர்களைவிட நமக்குக் குறைவாக வரும், வராது என்பது பொய். ஆபீஸில் எல்லாரும் அவரவர் சிவந்த தோளைக் காட்டிச் சிரித்தார்கள், என் மூக்கைக் காட்டினேன், சேர்த்துக்கொண்டார்கள். வீடியோ காலில் அம்மா பார்த்துவிட்டுக் கேட்டது: "வெள்ளைக்காரன் ஊருக்குப் போய் எப்படிடா கறுத்தே?"

கறுப்புக் குடை | மே 6, இரவு 8:40

அந்த அம்மா கேள்விக்கு வருகிறேன். சன்பர்ன் மீம் நம் ஊருக்கு வரும்போது அப்படியே "கறுத்துட்டேன்" மீமாக மாறிவிடுகிறது, கவனித்தீர்களா? அவர்களுக்குத் தோல் எரிந்தது, வலி. நமக்கு நிறம். "ஏப்ரலில் நான், மே மாதத்தில் நான்" என்று ஒரு பக்கம் வெளுப்பு, ஒரு பக்கம் கரிக்கட்டை. கைக்கடிகாரத் தடம், செருப்பு வார் தடம், ஸ்கூட்டி ஓட்டியவளின் இரண்டு நிறக் கை, இதெல்லாம் எனக்கும் சிரிப்புதான், என் கையிலும் இருக்கிறது. ஆனால் கல்லூரி குரூப்பில் இந்த ஏப்ரல்-மே படத்தைப் போட்டபோது ஒருத்தன் என் பெயரைக் குறிப்பிட்டு "இவளுக்கு மே மாதம் தேவையே இல்லை" என்றான். 40 பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். நானும் போட்டேன். போடாமல் இருந்தால் கோபித்துக்கொண்டாள் என்பார்கள்.

அந்த ஜோக்கில் எல்லாருக்கும் பொதுவான கஷ்டம் எங்கே இருந்தது?

மூன்றாம் மாடி | மே 6, இரவு 9:25

இல்லை. அந்த இடத்தில் வெயில் சாக்கு மட்டும்தான்.

சிக்னல் மீமையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். சிக்னலில் வெயிலைப் பார்த்துச் சிரிக்கவில்லை, நான் செய்கிற கோமாளித்தனத்தைப் பார்த்துச் சிரிக்கிறேன். ஒரு புளிய மர நிழலுக்காக 12 பைக் கோட்டுக்கு வெகு பின்னால் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும், நடுவில் ரோடு காலியாக இருக்கும், பின்னால் பஸ்காரர் ஹாரன் அடிப்பார், யாரும் நகர மாட்டோம். சிக்னலில் பச்சை வலைப் பந்தல் போட்டார்களே, அதன் கீழும் அதே கூத்துதான்.

ஃபேன் மீமிலும் அப்படி ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே 5-இல் இருக்கிற ரெகுலேட்டரை எழுந்து போய் இன்னொரு தடவை திருகிப் பார்ப்பது. 6 இருக்குமோ என்று. நான் மட்டும்தான் இப்படிச் செய்கிறேன் என்று பல வருஷம் நினைத்திருந்தேன், மீம் வந்த அன்று ஊரே செய்கிறது என்று தெரிந்தது. என்னைச் சிரிக்க வைத்தது அதுதான். சூட்டில் நம் புத்தி போகிற போக்கைத் தனியாகப் பார்த்தால் வெட்கம், நாலாயிரம் பேரோடு பார்த்தால் தமாஷ்.

கறுப்புக் குடை சொன்ன ஜோக்கில் 40 பேரும் ஒரு ஆளைப் பார்த்துத் திரும்பியிருக்கிறார்கள், தங்களைப் பார்க்கவில்லை.

வைண்டிங் கடை | மே 7, காலை 10:15

ரெகுலேட்டர் பேச்சு வந்ததால் சொல்கிறேன், அந்தத் திருகல் பைத்தியக்காரத்தனம் இல்லை. இப்போது வரும் ஸ்டெப் ரெகுலேட்டரில் 1 முதல் 4 வரை உள்ளே கண்டன்சர் வழியாகப் போகும், 5 நேர் லைன். உள்ளே காண்டாக்ட் தேய்ந்துவிட்டால் 5-இல் வைத்தும் சரியாக உட்காராது, இன்னொரு திருகு திருகினால் உட்காரும், ஃபேன் வேகம் கூடும். ஊரே வீணாகத் திருகவில்லை, பத்து வீட்டில் ஒரு வீட்டிலாவது பலன் இருக்கும்.

மே மாதம் என் கடைக்கு வருகிற ஃபேனில் முக்கால்வாசி காயில் போனதல்ல. "வெயிலுக்கு ஃபேன் ஸ்லோ ஆயிடுச்சு, வோல்டேஜ் இல்லை" என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். கண்டன்சர் 2.5 மைக்ரோ போட்டிருக்கும், வருஷக்கணக்கில் சூட்டில் வற்றிப் பாதியாகியிருக்கும். எப்படிக் கண்டுபிடிப்பது? எதிர்வீட்டு ஃபேனும் அதே நேரத்தில் மெதுவாக ஓடினால் வோல்டேஜ். உங்களது மட்டும் மெதுவாக ஓடினால் கண்டன்சர். சுவிட்சைப் போட்டதும் முனகிக்கொண்டு நின்று, ஒட்டடைக் கம்பால் இறக்கையைத் தள்ளிவிட்டால் சுற்ற ஆரம்பிக்கிறதா, சந்தேகமே வேண்டாம். நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை. மெயினை நிறுத்தாமல் கை வைக்காதீர்கள்.

மூன்றாம் மாடி | மே 7, காலை 10:31

அண்ணே, நீங்களும் எதிர்வீட்டைத்தான் பார்க்கச் சொல்கிறீர்கள்.

வைண்டிங் கடை | மே 7, காலை 10:40

தொழில் அது தம்பி.

புது வீடு | மே 7, மதியம் 12:00

48 வாங்கிவிட்டேன், பிஎல்டிசி. ரிமோட் இருக்கிறது. ரெகுலேட்டர் இல்லை. எதைத் திருகுவது?

பாலாற்றங்கரை | மே 7, மதியம் 12:04

இந்த இழையின் சிறந்த மீம் இதுதான்.

உளவியல் இரண்டாமாண்டு | மே 8, மாலை 5:50

தார்ப்பாய் அக்காவுக்கு: அன்றைக்கு அவசரப்பட்டு எழுதிவிட்டேன். ஆனால் கோட்பாட்டை முழுக்க விட மாட்டேன். பெரிய ஆபத்தும் தூரத்தில் இருந்தால் சிரிப்பாகலாம் என்பதையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இன்னும் புரியாதது, வெயிலில் நிற்கிறவர்களே ஜோக் அடிக்கிறார்களா? அடித்தால் கோட்பாடு என்ன ஆகும்?

அப்புறம் மூன்றாம் மாடி அண்ணா, சென்னையில் என் ஹாஸ்டல் அறையில் உங்கள் சோதனையைச் செய்தேன். காய்ந்தது 34, ஈரத்துணி 28. வேலூரைவிட 4 டிகிரி குறைவான சூடு, ஆனால் ஈரத்துணி உங்களுடையதைவிட 2 டிகிரி அதிகம். கடல் காற்று வந்தபிறகு அறை பிசுபிசுவென்று இருந்தது. எது மோசம்?

மூன்றாம் மாடி | மே 8, இரவு 8:15

இதற்குச் சண்டை தொடங்கினால் இழை ஜூன் வரை போகும். வேலூர்க்காரன் "நீங்கள் 40-ஐப் பார்த்ததுண்டா" என்பான், சென்னைக்காரன் "2003 மே 31, நுங்கம்பாக்கம் 45" என்பான், அப்புறம் "எங்கள் வியர்வையே காயாது தெரியுமா" என்பான். யார் அதிகம் வேகிறார்கள் என்று போட்டி போடுவதில் ஒரு பெருமை. நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, அரசனில்லாத கோட்டை என்று எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய பட்டியல் உண்டே, அதை வெளியூர்க்காரன் சொன்னால் கோபம் வரும், நாங்களே வரிசை மாறாமல் ஒப்பிப்போம்.

உன் அளவுக்குப் பதில்: உன் அறையில் வியர்வை மெல்லக் காயும், அதனால் ஃபேன் நின்றால் உடனே தெரியும். என் அறையில் சீக்கிரம் காயும், காற்று சுடும். சிட்னியில் ஆலி ஜே குழுவினர் ஆட்களை உட்கார வைத்தே சோதித்து 2019-இல் வெளியிட்டார்கள். 40 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்றபோது ஃபேன் உதவியது. 47 டிகிரி, வெறும் 10 சதவீதம் என்றபோது ஃபேன் நிலைமையைக் கெடுத்தது, ஏனென்றால் அங்கே வியர்வை ஃபேன் இல்லாமலே காய்ந்துவிடுகிறது, ஃபேன் கொண்டுவருவது சூடு மட்டும். உட்கார்ந்தவர்கள் எல்லாம் நல்ல உடல்நலமுள்ள ஆண்கள். வயதானவர்களுக்கு அவ்வளவு வியர்க்காது, அதனால் 40-க்கு மேல் அவர்களை ஃபேனை நம்பி விடக்கூடாது.

ஆக ஹேர் டிரையர் மீம் சென்னையில் பொய், வேலூரில் சில மதியங்களில் ஓரளவு நிஜம். ஆனால் இரண்டு ஊரிலும் ஒரே அளவுக்குப் பரவுகிறது.

என் பாட்டிக்கு 81. ஃபேன் காற்று சூடாக இருக்கிறது என்று அவரும் சொல்கிறார். நான் சொன்னால் மீம், அவர் சொன்னால் கவனிக்க வேண்டும். இன்றிலிருந்து மதியம் அவருக்குக் கையிலும் கழுத்திலும் ஈரத் துண்டு போடுகிறோம். "சாமிக்கு அபிஷேகம் மாதிரி இருக்குடா" என்றார்.

மூன்றாம் மாடி | மே 11, காலை 6:10

ஒரு நேர்மைக்காக எழுதுகிறேன். நேற்று ராத்திரி 1:40-க்குக் கரண்ட் போனது. பழக்கதோஷத்தில் பால்கனிக்கு ஓடினேன். எதிர்வீட்டில் லைட். பக்கத்து வீட்டில் லைட். எங்கள் பில்டிங்குக்கு வரும் ஒரு ஃபேஸ் மட்டும் போயிருக்கிறது. ஃபேஸ் மாற்றுகிற சுவிட்ச் கீழே பூட்டிய அறையில், சாவி ஊருக்குப் போன செயலாளரிடம். பாட்டி எழுந்து உட்கார்ந்துவிட்டார். நாலு மணி வரைக்கும் அவருக்கு விசிறிக்கொண்டு இருந்தேன், பனை விசிறிகூட இல்லை, கேலண்டர் அட்டை.

எதிர்வீட்டுப் பையன் பால்கனிக்கு வந்து "அண்ணா, உங்க வீட்ல மட்டும் இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனான். இத்தனை நாளாக இங்கே எழுதியதை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். ஒன்றுகூடச் சிரிப்பாக இல்லை.

இப்போது எழுதும்போது கேலண்டர் அட்டை கொஞ்சம் சிரிப்பு வருகிறது. அதில் அக்னி நட்சத்திரம் ஆரம்பம் என்று போட்டிருந்தது.

கறுப்புக் குடை | மே 11, காலை 9:00

சாவியை யாரிடமாவது இன்னொன்று கொடுத்து வையுங்கள் முதலில். பாட்டி எப்படி இருக்கிறார்?

மூன்றாம் மாடி | மே 11, காலை 9:12

தூங்குகிறார். நல்லா இருக்கிறார்.

தார்ப்பாய் | மே 12, இரவு 9:35

உளவியல் தங்கை கேட்ட கேள்வியை அப்பாவிடம் கேட்டேன். வெயிலில் வேலை பார்க்கும்போது ஜோக் அடிப்பீர்களா என்று. "ஜோக் அடிக்காம எப்படி மேல நிக்கிறது" என்றார். மீம் எல்லாம் ஃபேனுக்கு அடியில் இருந்துதான் வருகிறது என்று நான் எழுதியதை வாசித்துக் காட்டினேன். "எங்க ஜோக்கு உங்க போனுக்கு வராது, அவ்வளவுதான்" என்றார்.

ஒன்று மட்டும் சொன்னார், மற்றதெல்லாம் இங்கே எழுத முடியாது. தூண் போட்டுப் பலகை பிரித்ததும் கோணிச் சாக்கைச் சுற்றி, காலை மதியம் சாயங்காலம் மூன்று வேளை தண்ணீர் ஊற்றுவார்கள், குறைந்தது ஏழு நாள். மதியத் தண்ணீர் ஊற்றுகிற பையன் வரும்போதெல்லாம் சித்தாள் அக்கா ஒருவர் தூணை ஒட்டி நின்றுகொண்டு கண்ணை மூடிக்கொள்வாராம். "நானும் இன்னும் செட் ஆகலடா, எனக்கும் ஒரு குடம் ஊத்து."

அவர்தான் போன வருஷம் சாரத்தை விட்டு இறங்கியவர்.

வைண்டிங் கடை | மே 12, இரவு 10:05

சாக்கு நனைந்திருந்தால் ஃபேனே வேண்டாம் தங்கச்சி, மேலே காற்று இருக்கிறதே.